சோர்வா, நாட்டமின்மையா?

ஐயா,

பக்கவாத நோயாளிகளின் மனச்சோர்வு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, பேசாமல் படுத்திருப்போர் அனைவருக்கும் ஒரே மாத்திரை போதும் என்ற எண்ணத்தைத் தருகிறது. மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக நான் கண்டது வேறு. அடுத்தடுத்த கட்டில்களில் இருவர் பயிற்சிக்கு வர மறுத்தனர். அம்மையார் அதிகாலை மூன்று மணிக்கே விழித்து, மகளுக்குப் பாரமாகிவிட்டதாக அழுவார். மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் தொடங்கிய சில வாரங்களில் தேறினார். பெரியவரோ அழவில்லை, வருத்தமா என்று கேட்டால் "இல்லை" என்பார், தட்டு முன்னே இருந்தும் கை நீளாது, கரண்டியைக் கையில் வைத்தால் முழுவதும் சாப்பிடுவார். அது மனச்சோர்வு அல்ல, எதையும் தானே தொடங்கத் தோன்றாத நாட்டமின்மை. அவருக்கும் அதே மாத்திரை கொடுக்கப்பட்டது, பலனில்லை. இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு நாட்டமின்மையைக் கூட்டவும் செய்யும். மணிக்கணக்கு அட்டவணையும், ஒவ்வொரு செயலையும் நாமே தொடங்கிவைப்பதும்தான் அவரை நடக்கவைத்தன.

பிரிட்டனில் பக்கவாத நோயாளிகள் 3,127 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், அதே வகை மாத்திரையான ஃப்ளூஆக்செட்டின் ஆறு மாதம் கொடுத்தும் செயல்திறன் கூடவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவோ அதிகரித்தது. ஆகவே மாத்திரை எழுதுமுன், நோயாளியின் தூக்கம், அழுகை, தானே தொடங்கும் செயல்கள் ஆகியவற்றைச் செவிலியரும் குடும்பத்தாரும் ஒரு வாரம் குறித்துவைக்கும் தாளை, தற்கொலை எண்ணம் தெரிந்தால் காத்திராமல் மனநல மருத்துவரை அழைக்கும் குறிப்புடன், ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கவிடலாம்.