பிளீச் ஊற்றினால் சன்ஸ்கிரீன் கறை போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பக்கத்தில், "வெள்ளைச் சட்டையில் சன்ஸ்கிரீன் மஞ்சள் படிந்தால் பிளீச்சில் ஊறவையுங்கள், பளிச்சென்று போய்விடும்" என்று போட்டிருந்தீர்கள். சலவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அந்தக் கறை பிளீச்சில் போகாது, இன்னும் அழுத்தமாகும்.

பல சன்ஸ்கிரீன்களில் அவோபென்சோன் என்ற எண்ணெயில் கரையும் பொருள் இருக்கிறது. டியூப்பின் பின்பக்கம் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்று எழுதியிருப்பதும் அதுதான். துணியில் பட்டவுடன் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்போடு சேரும்போதுதான் ஆரஞ்சு நிறம் எடுக்கும். வெள்ளையாக வாஷிங் மெஷினுக்குள் போன சட்டை, காலரிலும் கை மடிப்பிலும் துருப்பிடித்தது போல வெளியே வருவது இதனால்தான். பிளீச் அந்த இரும்பை மேலும் ஆக்சிகரணம் செய்து கறையைக் கெட்டிப்படுத்துகிறது.

சட்டை இன்னும் தண்ணீர் காணாமல் இருந்தால் பாதி வேலை மிச்சம். உலர்ந்த துணியிலேயே பாத்திரம் துலக்கும் லிக்விடைச் சில சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். முதலில் எண்ணெய் போக வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் அடுத்து போடும் எதுவும் உள்ளே இறங்காது.

ஏற்கெனவே ஆரஞ்சாகிவிட்டதா? லிக்விட் வேலையை முடித்துவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம்தான் அது. கறைப் பகுதியை அதில் அரை மணி நேரம் ஊறவிட்டால் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நிறம் ஓரத்திலிருந்து வெளிறி வந்தால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். அலசிவிட்டு மறுபடி ஒருமுறை ஊறவையுங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். இது வெள்ளைப் பருத்திக்கும் பாலியஸ்டர் கலப்புக்கும் சொல்வது. பட்டுக்கும் உலோகப் பட்டன் வைத்த துணிக்கும் வேண்டாம்.

முன்பே பிளீச் போட்டிருந்தால், அது வாடையே இல்லாமல் போகும்வரை அலசாமல் எலுமிச்சை உப்பைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட உங்கள் குறிப்பில் இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து கறை எடுக்கச் சொன்னீர்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு நுரை பொங்குவதைத் தவிர அதில் எதுவும் நடக்காது. பட்டுப்புடவைக் கறைக்கு எலுமிச்சையைத் தேய்க்கச் சொன்னீர்கள். சாயம் போன புடவையை அந்த வீட்டார் யாரிடம் கொண்டுபோய்க் கேட்பார்கள்? குறிப்பை அச்சேற்றும் முன் துணி துவைப்பவர் ஒருவரிடம் காட்டக்கூடாதா என்ற வருத்தம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், "சன்ஸ்கிரீன் கறைக்கு பிளீச் கூடாது" என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
சலவைத் தொழிலில் உள்ள வாசகர்,
திருப்பூர்