ஆண்டறிக்கை: ஒரு கொழுக்கட்டைக் கதையை எழுத்தில் கொண்டுவந்த விவரம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, இவ்வாண்டு நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றியே இவ்வறிக்கை பேசுகிறது. அணைக்கட்டுப் பக்கத்து ஆயா ஒருவர் சொல்லக் கேட்டுப் பதிவு செய்த கொழுக்கட்டைக் கதையை ஒரு பக்க அளவில் எழுதிய வேலை அது.

கதை எல்லோரும் அறிந்ததே. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற ஒருவன், பெயர் மறந்துவிடாமல் இருக்க அதைச் சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான்; வழியில் கானாற்றைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று குதிக்கிறான்; அதன்பின் அதுவே வாயில் நின்றுவிடுகிறது. உலகக் கதைவகைகளைத் தொகுத்த ஆர்னே–தாம்சன்–உத்தர் பட்டியலில் ‘மறந்துபோன சொல்’ என்ற தலைப்பில் 1687 என்னும் எண் பெற்றிருக்கும் வகை இது. கதைப்போக்கு பல நாடுகளுக்கும் பொது என்பதால், ஆயாவின் பங்கு அவர் சொல்லும் முறையில்தான் இருக்கிறது.

பதிவு 14 நிமிடம் ஓடுகிறது. முதலில், கேட்டவர் கொட்டிய ‘உம்’ உட்பட, ஒலித்ததை ஒலித்தபடியே எழுதி, நிமிடக் குறிப்பும் இட்டோம். பிறகு நம் இளைய உறுப்பினர் ஒருவர் சுருக்கி எழுதிய முதல் படி இலக்கணச் சுத்தமாக இருந்தும் கதையாக இல்லை. காரணம் ஒரே வாக்கியம்: “ஆற்றைத் தாண்டும்போது அவன் கொழுக்கட்டை என்ற சொல்லை மறந்துவிட்டான்.” பதிவில் ஆயா இதை எங்குமே சொல்லவில்லை. பல்லவியை மட்டும் மாற்றிவிட்டு மேலே போகிறார். மறந்தது கேட்பவனுக்குத் தெரிகிறது, கதை நாயகனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் பதிவிலும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. திருத்திய படியில் அப்பகுதி இவ்வாறு அமைந்தது:

“கொழுக்கட்டே, கொழுக்கட்டேன்னு சொல்லிக்கினே போனான். குறுக்கே கானாறு. ஓடிவந்து, ‘அத்திரிபாச்சா!’ என்று தாண்டினான். அத்திரிபாச்சா, அத்திரிபாச்சான்னு சொல்லிக்கினே போனான்.”

கதைநடை எழுத்துத் தமிழில் இருக்க, பல்லவியும் பேச்சும் மட்டும் ஆயாவின் வாய்மொழியாகவே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ‘சொல்லிக்கினே போனான்’ என்பதும் பல்லவியின் பகுதியே. அதைச் ‘சொல்லிக்கொண்டே சென்றான்’ என்று ஆக்கினால் நடையின் தாளம் போய்விடுகிறது.

நிகழ்ச்சி வரிசையில் ஓர் ஐயம் எழுந்தது. புள்ளையார் சதுர்த்திக்காக அவன் மாமியார் வீடு போயிருந்தான் என்ற செய்தியை ஆயா கதையின் பாதிக்கு மேல்தான் சொன்னார். இது உத்தியா, விட்டுப்போனதைச் சேர்த்ததா என்று பதிவை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஒரு மாதம் கழித்து, அதே கதையை மீண்டும் சொல்லச் சொன்னோம். இம்முறை சதுர்த்தி முதலிலேயே வந்தது. ஆகவே அதை முன்னே நகர்த்தினோம். ஆனால் அவன் மறந்ததை இரண்டு முறையும் அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அது மறதியல்ல, திட்டம். தடுமாற்றம் இடம் மாறும், உத்தி இடம் மாறாது என்பதே இதில் நாம் கண்ட சோதனை. இதற்கு இரண்டாம் பதிவு கட்டாயம் வேண்டும் என்பதை முன்பே எண்ணியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

நீதியைப் பற்றித்தான் கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அத்திரிபாச்சா செய்யத் தெரியாத மனைவியை அவன் அடிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி வந்து, “கன்னம் கொழுக்கட்டே மாதிரி வீங்கிக்கீதே” என்கிறாள், “அதான், அதான்!” என்று அவன் துள்ளுகிறான். சிறுவர் படிப்பதால் அடியை நீக்கலாம் என்றனர் சிலர். அடி இல்லையேல் வீக்கம் இல்லை, வீக்கம் இல்லையேல் சொல் திரும்பி வர வழி இல்லை. மேலும் ஆயாவின் நீதியே அந்த அடியின் மேல்தான் நிற்கிறது. முதல் படியின் இறுதியில் ‘நீதி: ஞாபகசக்தி வேண்டும்’ என்று இருந்தது. பதிவில் இருப்பதோ, பக்கத்து வீட்டுக்காரி அவனைப் பார்த்துச் சொல்வது: “மறந்தவன் நீ, வீங்கினது அவ கன்னமா?” இரண்டும் ஒரே நீதியல்ல. ஆகவே தலைப்பிட்ட நீதியை நீக்கி, அந்தப் பேச்சை அதன் இடத்திலேயே வைத்தோம். அடியை வேடிக்கையாக்காமல் ஒரே வாக்கியத்தில் முடித்தோம்.

பல்லவி எத்தனை முறை என்பது மட்டுமே எஞ்சியது. பதிவில் அது மொத்தம் 31 முறை வருகிறது. சொல் மாறும் இடங்களையும், யாராவது குறுக்கிடும் இடங்களையும் வைத்துக்கொண்டு, வெறும் நடையைக் காட்டும் இடங்களைக் குறைத்தோம். மேலே காட்டிய பகுதியில் இரண்டிரண்டு முறை என்று வைத்து, ஆயாவிடம் படித்துக் காட்டியபோது அவர் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டார். “ரெண்டு தபா சொன்னா எப்டிப்பா மறக்கும்? மூணு தபா போடு” என்றார். அச்சுக்குப் போகும் படியில் இருபுறமும் மூன்று என்று திருத்தப்பட்டுள்ளது.