தூஉம் மழை

டேய் மாப்ளே,

மூணு மாசமா ஒரு வரி எழுதல, தப்புதான். திட்டுறத நேர்ல வச்சுக்க. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி?

தண்டலய்யா உன்னைக் குறள் மனனப் போட்டிக்கு நீதிபதியாப் போட்டுட்டாராமே! சிரிப்பு அப்புறம், முதல்ல புள்ளி விஷயத்துக்கு வர்றேன்.

பிழையின்மைக்கு 40, உச்சரிப்பு, ஓசை, உணர்ச்சிக்குத் தலா 20. வான் சிறப்பில் முதல் ஐந்து குறள்னா 35 சீர். தப்பான சீருக்கு ஒண்ணு, தானே திருத்திக்கிட்டா அரை, எடுத்துக் கொடுத்தா ரெண்டு குறை. பிழையைப் பாடத்தைக் கையில வச்சு ஒருத்தர் மட்டும் எண்ணட்டும்.

இரண்டாம் குறள்லதான் வம்பு: 'துப்பாய தூஉம் மழை'. பாதிப் பிள்ளைங்க 'தூவும் மழை'ன்னு சொல்லும். தூவுற மழைன்னா பொருள் வருதில்ல, அதனால கேக்குறவனுக்கும் உறுத்தாது. ஆனா அங்க இருக்கிறது அளபெடை. 'தூ'வுக்கு ரெண்டு மாத்திரை, 'உ'வுக்கு ஒண்ணு, ஆக மூணு மாத்திரை இழுத்து ஒலிக்கணும், நடுவுல 'வ' வரக்கூடாது. உண்பவர்க்கு உணவை விளைவிச்சுத் தானே உணவாகவும் ஆகுறதுன்னு அர்த்தம். 'தூவும்'னா அந்த 'ஆகவும்' போயிடுது, அதனால இது உச்சரிப்புப் பிழை இல்ல, சொல் பிழை. ஐந்தாம் குறள்ல 'கெடுப்பதூஉம்', 'எடுப்பதூஉம்' ரெண்டையும் 'கெடுப்பதும்', 'எடுப்பதும்'னு சுருக்கினாலும் அதே கணக்குதான்.

'மழை'யை 'மளை'ன்னா? அது நாக்குப் பழக்கம். இந்த ஐந்து குறள்ல 'ழ' ஆறு தடவை வருது. ஒவ்வொண்ணுக்கும் பிழையின்மையில வெட்டினா ஆறு புள்ளி போயிடும், மனனம் சரியா இருந்தும் பிள்ளை காலி. உச்சரிப்புல மொத்தமா மூணு மட்டும் குறை. ஒரே தப்பை ரெண்டு கட்டத்துல வெட்டாதே.

ஓசையில இன்னொரு பொறி இருக்கு. 'சார்வாய்மற் றாங்கே'ன்னு சீர் பிரிச்சு அச்சடிச்சிருப்பாங்க. பிள்ளை 'மற்'ல மூச்சு விட்டா 'றாங்கே' தனியா அநாதையா நிக்கும். சீர் பிரிப்பு கண்ணுக்கு, மூச்சு 'ஆங்கே'க்கு அப்புறம். இதுக்கு ரெண்டு குறை.

உணர்ச்சிக்குக் கை ஆட்டி மழை காட்டுற பிள்ளைக்கு மயங்கிடாதே. கண்ணை மூடிக் கேளு. 'தூஉம்'ல அழுத்தம் விழுந்தா அர்த்தம் புரிஞ்சிருக்கு. 'துப்பாக்கி'யில விழுந்தா வேட்டுச் சத்தம்தான் மனசுல. அப்படி ஒரு பிள்ளைக்கு 14 போடலாம்.

கணக்குப் பாரு: மேல சொன்ன மூணு அளபெடையும் போய், வேற ஒரு சீரைத் தானே திருத்திக்கிட்டா 36½. உச்சரிப்பு 17, ஓசை 18, உணர்ச்சி 14. மொத்தம் 85½.

பெத்தவங்க சண்டைக்கு வந்தா இந்தத் தாளை நீட்டு. தண்டலய்யா பேரனும் போட்டியில இருக்கான், அந்தப் பிள்ளைக்கு மட்டும் நீ புள்ளி போடாதே, பக்கத்துல இருக்கிறவரைப் போடச் சொல்லு.

உன் பழைய கூட்டாளி