குடியாத்தத்துத் தங்கைக்கு டப்ளினிலிருந்து

அன்புள்ள சுமதிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அங்கே அம்மா, ஆயா, சித்தப்பா வீட்டார் எல்லோரும் நலமா? உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வள்ளியோடு நட்பை எப்படி முடித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்லாமல் நாலு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றாலே வள்ளி விஷயம் உன்னை எவ்வளவு அரிக்கிறது என்று தெரிகிறது.

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பனி அவ்வளவாகக் கொட்டாது, மழையும் காற்றும்தான். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல். அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. கத்திரிக்காய்தான் சரியில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் தின்ற நாக்குக்கு இங்கே விற்பது வெறும் பஞ்சு.

கீழ்வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். சில நாள் மாடிப்படியிலேயே நிறுத்தி அரைமணி நேரம் பேசுவார். சில நாள் "இன்றைக்குப் பேச மனசில்லை" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. நம் தெருவில் அப்படிச் சொன்னால் மறுநாளே ரெண்டு வீட்டு அம்மாக்களுக்கும் பேச்சு நின்றுபோகும். அவர் மழுப்பாமல் சொல்கிறாரே, அதை மட்டும் நீ எடுத்துக்கொள். மற்றதெல்லாம் நம் ஊர் வழக்கப்படிதான் செய்யவேண்டும்.

முதலில் ஒன்றைப் பார். வள்ளி ஏதோ செய்துவிட்டாள், அது மனசில் உறுத்துகிறது என்றால், அது சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள். இனி அவளோடு ஒரு சாயங்காலம் உட்காரத் தோன்றுகிறதா? தோன்றினால் நட்பு முடியவில்லை, பேசித் தீர்க்கவேண்டிய வருத்தம் இருக்கிறது. நீ எழுதியிருப்பது வேறு. சண்டை இல்லை, பள்ளிக்கூடக் கதையைத் தவிரப் பேச ஒன்றுமில்லை, போன் வந்தாலே எடுக்கக் கை வரவில்லை, ஆறு மாதமாக இப்படித்தான் என்கிறாய். அது முடிந்துபோன நட்புதான். அதில் உன் தப்பும் இல்லை, அவள் தப்பும் இல்லை.

பேச்சைக் குறைத்துக்கொண்டே போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வருஷத்துக்கு ரெண்டு முறை பார்க்கிறவளாக இருந்தால் அதுவே போதும். வள்ளி அடுத்த தெரு. தினமும் மெசேஜ் போடுகிறவள். நீ பதில் போடாவிட்டால் கவனிப்பாள், காரணம் தேடுவாள், பிறகு அம்மாவிடமே வந்து "சுமதிக்கு என்மேல் என்ன கோபம்" என்று கேட்பாள். "வேலை ஜாஸ்தி" என்று நீ சொன்னால் வேலை குறையட்டும் என்று காத்திருப்பாள். அவளை அப்படிக் காக்கவைப்பதைவிட ஒரு தடவை சொல்லிவிடுவது மேல்.

சொல்வதற்கு முன்னால் கொடுக்கல் வாங்கலைப் பார். அவள் பச்சைப் பட்டுப்புடவை இன்னும் நம் பீரோவில்தானே இருக்கிறது? அதைச் சலவைக்குப் போட்டு, பேச்செடுப்பதற்கு ஒரு வாரம் முன்னாடியே கொடுத்துவிடு. பேசுகிற அன்றைக்குக் கையில் கொண்டுபோனால் கணக்குத் தீர்க்க வந்தமாதிரி ஆகிவிடும். சீட்டு விஷயம் அதைவிடப் பெரிது. 20 மாதச் சீட்டில் நீ பத்தாம் மாதமே எடுத்துவிட்டாய், அவள் இன்னும் எடுக்கவில்லை. இப்போது 14 கட்டியாகிவிட்டது. மீதி 6 மாதம் ஐயாயிரம் ஐயாயிரமாக 30,000 ரூபாய் நீ கட்டவேண்டியது. அவள் சொல்லித்தான் சீட்டு நடத்துகிற பெரியம்மா உன்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு மாதம் தவறினாலும் அவள் முகத்தில் கரி. இதுவரை அவள் கையில் கொடுத்தனுப்பினாய், இனி நீயே தேதிக்கு முந்தின நாள் பெரியம்மாவிடம் கட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்.

நாள் பார்த்துப் போ. அவள் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வாரம் வேண்டாம். அவள் வீட்டிலும் வேண்டாம், அவள் அம்மா காபியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ரெண்டு பேரும் நடந்துகொண்டே பேசுகிற இடமாகப் பார், முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும். எழுத்தில் அனுப்பாதே, அதைப் பத்து பேர் படிப்பார்கள்.

சொல்லவேண்டியது நாலே வார்த்தை. இந்தமாதிரி சொல்லு: "வள்ளி, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தப்ப நீ ராத்திரியெல்லாம் கூட இருந்தே, அதை நான் மறக்கமாட்டேன். ஆனா கொஞ்ச நாளா நம்ம பேச்சு எனக்கு ஒட்டலை. கடமைக்குப் பேசறமாதிரி இருக்கு, அது உனக்கு நான் செய்யற மரியாதை இல்லை. இனிமே முன்னமாதிரி தினமும் பேச என்னால முடியாது. எங்க பார்த்தாலும் நல்லபடியா பேசுவேன், உன்னைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்." இவ்வளவுதான். "கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சேர்த்துவிடாதே. அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"நான் என்ன பண்ணேன்" என்று கட்டாயம் கேட்பாள். அப்போது பழைய குறைகளை எடுத்து அடுக்காதே. அடுக்கினால் "சரி, அதையெல்லாம் மாத்திக்கறேன்" என்பாள், நீ மாட்டிக்கொள்வாய். "நீ ஒண்ணும் பண்ணலை, எனக்குத்தான் மாறிப்போச்சு" என்று சொல். அது உண்மையும்கூட. அழுதால் அழட்டும், கூட இரு. திட்டினால் பதில் பேசாதே. அன்று ராத்திரி "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று மெசேஜ் போடத் துடிப்பாய். போடாதே. சொன்னதெல்லாம் பொய் என்று அவள் நினைப்பதற்கு அது ஒன்றே போதும்.

அவள் உயிரை விட்டுவிடுவேன் என்கிறமாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. தனியாக விட்டு வராதே, அங்கேயே இருந்து அவள் அக்காவை உடனே வரச்சொல்.

கூட்டாளிகள் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "சண்டையெல்லாம் இல்லை, பேச்சு குறைஞ்சுபோச்சு." பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வராதே. அவள் உன்னிடம் சொன்ன வீட்டு ரகசியங்கள் எதுவும் உன் வாயிலிருந்து வரக்கூடாது, என்னிடம்கூட. அவள் தம்பி கல்யாணத்துக்கு அம்மாவோடு போ. என் கல்யாணத்துக்கு அவர்கள் எழுதினது நம் மொய் நோட்டில் இருக்கும், அதற்குக் குறையாமல் எழுதுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. உன் சிநேகிதம் முடிந்தாலும் ரெண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது முடியவில்லை.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் எப்படியும் நேருக்கு நேர் பார்ப்பீர்கள். நீயே முதலில் சிரித்துவிடு. தரணம்பேட்டையில் அம்மன் சிரசு கிளம்பும்போது அடிக்கிற பம்பைச் சத்தம் இதை எழுதுகிறபோதே காதில் கேட்கிறது சுமதி. இந்த வருஷமும் வரமுடியாது. ஆயா என்னைத் தேடினால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லு, வேறு எதுவும் சொல்லாதே. எனக்காக ஒரு தேங்காய் உடைத்துவிடு.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி, கொஞ்சம் குறைவாக வரும். வாடகை ஏற்றிவிட்டார்கள், வேறொன்றுமில்லை, அம்மா கவலைப்படவேண்டாம். உன் சீட்டுக்கான ஐயாயிரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைச் செலவு செய்யுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒன்று, ரெண்டையும் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. பின்கட்டு ஓடு மாற்ற மேஸ்திரி எவ்வளவு கேட்கிறார்? சித்தப்பாவை விட்டுப் பேசச் சொல், முன்பணம் மட்டும் நான் சொல்லும்வரை கொடுக்கவேண்டாம்.

அன்புடன்,
அக்கா