கவாரிஜ்களின் வரலாற்றை ஸிஃப்பீன் உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள்: பாடநூல் தொகுக்கும் ஆலிம் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் இஸ்லாமிய வரலாற்றுப் பாடங்களைத் தொகுத்துக் கற்பிக்கும் ஆலிம் பெருமக்களுக்கும் ஆசிரியர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் மாணவர்கள் கவாரிஜ்களைப் பற்றிப் படிக்கும் பாடம் பெரும்பாலும் ஒரே வரியில் தொடங்குகிறது: பெரும்பாவம் செய்த முஸ்லிமைக் காஃபிர் என்று சொன்ன கூட்டத்தார் இவர்கள். அதற்குப் பின் நஹ்ரவான் போர், அலீ (ரலி) அவர்களைக் கொன்ற இப்னு முல்ஜமின் வாள் என்ற இரண்டு நிகழ்ச்சிகளோடு பாடம் முடிந்துவிடுகிறது. இப்படிப் படிக்கும் மாணவர், ஒரு கொள்கை முதலில் தோன்றியது, அந்தக் கொள்கை கலகத்தைப் பெற்றது என்றே புரிந்துகொள்கிறார். நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒரு போர்நிறுத்த ஏற்பாட்டின் மீது எழுந்த சண்டை முதலில் வந்தது. அந்தச் சண்டையில் யார் நம் பக்கம், யார் இல்லை என்று வரையறுக்க வேண்டிய நெருக்கடியில்தான் கொள்கை சிறிது சிறிதாக உருவாயிற்று. அது முழு வடிவம் பெற ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆயின. பாடத்தை அந்த வரிசையிலேயே அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் கூஃபாவையும் பஸராவையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். உமர் (ரலி) காலத்தில் இராக்கில் படைகள் தங்குவதற்காக எழுந்த ஊர்கள் இவை. வென்ற நிலங்களின் வருவாய் பொதுவில் வைக்கப்பட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. யார் எந்தக் குலத்தின் தலைவர் என்று பார்க்காமல், யார் எப்போது இஸ்லாத்தின் போர்களில் வந்து சேர்ந்தார் என்று பார்த்தே தொகை முடிவாயிற்று. வரலாற்றாசிரியர் தபரி தரும் ஓர் அறிவிப்பின்படி, காதிஸிய்யாப் போருக்கு முன்னரே இராக்கில் போரிட்டவருக்கு 3000 திர்ஹமும், காதிஸிய்யாவில் கலந்துகொண்டவருக்கு 2000 திர்ஹமும், பிறகு வந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைத்தன. சிறிய குலத்தில் பிறந்து, முதலில் வந்து, குர்ஆனை ஓதுபவர் என்று பெயர் பெற்ற ஒருவர், பின்னால் வந்த பெருங்குலத் தலைவரைவிட மேலான இடத்தில் இருந்தார். உஸ்மான் (ரலி) காலத்தில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. கலீஃபாவின் உறவினர்கள் ஆளுநர்களாக வந்தார்கள். குலத் தலைவர்களின் கை ஓங்கியது. கூஃபாவின் ஆளுநர் ஸஈத் இப்னுல் ஆஸ், இராக்கின் விளைநிலம் குறைஷிகளின் தோட்டம் என்று சொன்னதாக அறிவிக்கப்படும் சொல் அங்கே பெரும் கொதிப்பை உண்டாக்கியது. 655ஆம் ஆண்டில், மதீனா சென்று திரும்பிய அவரைக் கூஃபாவாசிகள் ஊருக்குள் நுழையவே விடவில்லை. இந்த மனக்குறைகளை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் இப்னு ஸபா என்ற ஒரே மனிதரின் சூழ்ச்சியாகச் சொல்லிக் கடந்துவிடுவது மாணவர்களுக்குச் செய்யும் நியாயமன்று.

அடுத்த ஆண்டு மதீனாவில் உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டார்கள். பஸராவிலிருந்து அங்கே சென்ற கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர்களுள் ஹுர்கூஸ் இப்னு ஸுஹைரும் ஒருவர். பின்னாளில் நஹ்ரவானில் கவாரிஜ்களின் அணியில் நின்று மாண்டவரும் அவரே. இந்த ஒரு பெயரைப் பின்தொடர்ந்தாலே பல முடிச்சுகள் அவிழும். இவர்களைப் பொறுத்தவரை உஸ்மானுக்கு எதிரான கிளர்ச்சி நியாயமானது. அலீ (ரலி) அவர்களுக்குத் தாங்கள் செய்த பைஅத்தும் அந்த நியாயத்தின் மீதே நின்றது. முஆவியா (ரலி) அவர்களோ உஸ்மானின் இரத்தத்துக்குப் பழி கேட்டுப் படை திரட்டியவர். ஆகவே அவரோடு வழக்குப் பேச இருவரை நடுவர்களாக அமர்த்துவது என்றால், உஸ்மானின் கொலை நியாயமா என்ற கேள்வியை மீண்டும் திறப்பது என்று பொருள். கேள்வி திறந்தால், பழி தங்கள் கழுத்துக்கே வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஹிஜ்ரி 37, ஸஃபர் மாதத்தில் (கி.பி. 657) ஸிஃப்பீனில் குர்ஆன் பிரதிகள் ஈட்டி முனைகளில் உயர்த்தப்பட்டு, அலீயின் படைக்கும் முஆவியாவின் படைக்கும் நடந்த போர் நின்று, வழக்கை இரு நடுவர்களிடம் விடும் உடன்படிக்கை எழுதப்பட்டது. எழுதும்போதே, அலீயின் பெயருக்கு முன் இருந்த ‘அமீருல் முஃமினீன்’ என்ற பட்டத்தை நீக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வற்புறுத்தியது, அது நீக்கப்பட்டது. கிந்தாக் குலத்தின் தலைவர் அல்அஷ்அஸ் இப்னு கைஸ் அந்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு, அணி அணியாகச் சென்று வாசித்துக் காட்டினார். தமீம் குலத்தாரிடம் வந்தபோது உர்வா இப்னு உதய்யா என்பவர், அல்லாஹ்வின் காரியத்தில் மனிதர்களையா நடுவர்களாக்குகிறீர்கள் என்று கேட்டு, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்று முழங்கி, வாளை உருவி அஷ்அஸ் ஏறியிருந்த வாகனத்தின் பின்புறத்தில் வெட்டினார். கவாரிஜ்களின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பக்கம் கிடையாது. வாசித்தவர் பெருங்குலத்தின் தலைவர், போர்நிறுத்தத்துக்கு முன்னின்றவர். பட்டமோ ஏற்கெனவே நீங்கிவிட்டது. அந்த முழக்கம் எதை எதிர்த்து எழுந்தது என்பதை இந்த ஒரு காட்சியே சொல்லிவிடும்.

படை கூஃபாவுக்குத் திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குள் வராமல் பக்கத்திலிருந்த ஹரூராவில் தங்கிவிட்டார்கள். அங்கே நடந்த வாதத்தை முழுமையாகப் பாடத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறேன், ஏனெனில் இரு தரப்பும் குர்ஆனிலிருந்தே பேசின. வரம்பு மீறும் கூட்டம் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை அதனோடு போரிடுங்கள் என்ற 49:9 வசனம் இருக்கையில், திரும்பாதவர்களோடு எப்படிப் போரை நிறுத்தலாம் என்பது அவர்கள் வாதம். கணவன் மனைவி பிணக்கில் இருதரப்பிலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்லும் 4:35 வசனத்தையும், இஹ்ராமில் வேட்டையாடியதற்கான ஈட்டை இருவர் முடிவு செய்யச் சொல்லும் 5:95 வசனத்தையும் இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துக்காட்டினார்கள். குர்ஆன் இரு அட்டைகளுக்கு நடுவே எழுதப்பட்ட வரிகள், அது தானாகப் பேசுவதில்லை, மனிதர்களே அதைக் கொண்டு பேசுகிறார்கள் என்பது அலீயின் பதில். இந்த வாதத்தில் எங்கேயும் பெரும்பாவியின் ஈமானைப் பற்றிய பொதுக் கோட்பாடு பேசுபொருளாக இல்லை என்பதை மாணவர்கள் தாமே கவனிப்பார்கள்.

பலர் திரும்பி வந்தனர். மீதமிருந்தவர்கள் பள்ளிவாசலிலேயே முழக்கமிட்டபோதும், பள்ளிவாசலுக்கு வருவதை உங்களுக்குத் தடுக்கமாட்டோம், உங்கள் கை எங்கள் கையோடு இருக்கும்வரை வருவாயில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நீங்கள் தொடங்காமல் உங்களோடு போரிடமாட்டோம் என்று அலீ அறிவித்தார்கள். ஆட்சியை எதிர்ப்பவரை எதுவரை விட்டுவைக்கலாம் என்ற கேள்வியில் பிற்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் மீண்டும் மீண்டும் திரும்பிவந்த வாசகம் இது. அலீயின் தரப்பில் அபூ மூஸா நடுவராக அனுப்பப்பட்டதும் எதிர்ப்பாளர்கள் அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் அர்ராஸிபியைத் தலைவராகத் தேர்ந்து நஹ்ரவானுக்குச் சென்றார்கள். வழியில் நபித்தோழர் கப்பாபின் மகன் அப்துல்லாஹ்வையும் கர்ப்பிணியாயிருந்த அவர் மனைவியையும் கொன்றார்கள். உரிமையாளரின் இசைவில்லாமல் கீழே கிடந்த பேரீச்சம்பழத்தை எடுத்து உண்டவனைத் துப்பவைத்தவர்களே இக்கொலையையும் செய்தார்கள் என்று அறிவிப்புகள் சொல்கின்றன. அதை மறைக்கச் சொல்ல நான் வரவில்லை. மன்னிக்க முடியாத கொடுமை அது. 658இல் அலீயின் படைக்கும் அவர்களுக்கும் நஹ்ரவானில் நடந்த போருக்கு முன் அபூ அய்யூப் (ரலி) அபயக் கொடி நாட்டியபோது நூற்றுக்கணக்கானோர் விலகிச் சென்றார்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அந்த விலகலே அடுத்த தலைமுறையின் பெரிய கேள்வியாக வளர்ந்தது.

நம் பாடநூல்கள் முழுக்க விட்டுவிடும் பகுதி இனிதான் வருகிறது. உர்வாவின் சகோதரர் அபூ பிலால் மிர்தாஸ், ஸிஃப்பீனிலும் நஹ்ரவானிலும் இருந்தவர் என்று சொல்லப்படுபவர், பஸராவில் பல ஆண்டுகள் ஆயுதம் எடுக்காமல் வாழ்ந்தார். ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாதின் ஒடுக்குமுறை தாங்க முடியாமல் போனபோது ஏறத்தாழ 40 பேரோடு ஊரைவிட்டு வெளியேறினார். வழியில் ஆளுநருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணம் கையில் சிக்கியது. தமக்கும் தம் தோழர்களுக்கும் சேரவேண்டிய உதவித்தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார். ஏன் முழுவதையும் எடுக்கவில்லை என்று கேட்டவர்களிடம், அவர்கள் தொழுகையை நிலைநாட்டுவதுபோல் இந்தப் பணத்தையும் பங்கிடுகிறார்கள், அவர்களோடு நாம் போரிடமாட்டோம் என்று சொன்னதாக அறிவிப்பு உண்டு. பிற முஸ்லிம்களைக் காஃபிர் ஆக்கும் கூட்டத்தின் மாதிரியாக அவரை யாரும் காட்ட முடியாது. ஆனாலும் அவர் அந்தக் கூட்டத்தின் மதிப்புக்குரிய தலைவர். ஹிஜ்ரி 61இல் அவர் கொல்லப்பட்டார்.

கொள்கை இறுகியது அதற்குப் பிறகே. மக்காவை முற்றுகையிட்ட சிரியப் படையை எதிர்க்க இப்னு ஸுபைருக்குத் துணையாகப் போனவர்கள், உஸ்மானைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு, பதில் பிடிக்காமல் பிரிந்தார்கள். ஹிஜ்ரி 64இல் (கி.பி. 683–684) பஸராவில் ஒரு நடைமுறைக் கேள்வி எழுந்தது: நம்மைப்போலவே நம்பிக்கை கொண்டும் நம்மோடு புறப்படாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களை என்ன செய்வது? அவர்களும் காஃபிர்களே என்றார் நாஃபிஉ இப்னுல் அஸ்ரக். எதிரிகளின் குழந்தைகளைக் கொல்வதையும் நூஹ் (அலை) அவர்களின் பிரார்த்தனையைக் காட்டி அனுமதித்தார். பலவீனர்களுக்குக் குர்ஆனே விலக்களித்திருக்கிறதே என்று கேட்டு நஜ்தா இப்னு ஆமிர் அவரை எதிர்த்தார். எதிர்த்தரப்பு முஸ்லிம்கள் அல்லாஹ்வின் அருட்கொடைக்கு நன்றி மறந்தவர்களே தவிர இணைவைப்பவர்கள் அல்லர், அவர்களோடு திருமணமும் வாரிசுரிமையும் செல்லும் என்றார் அப்துல்லாஹ் இப்னு இபாள். நாம் எல்லாக் கவாரிஜ்களுக்கும் பொதுவாகச் சூட்டும் கொள்கையின் கடுமையான வடிவம் நாஃபிஉவுடையது. அதை மறுத்தவர்களுள் முதன்மையானோர் அவருடைய தோழர்களாக இருந்தவர்களே. அதை ஒட்டிய காலத்தில், உஸ்மானையும் அலீயையும் பற்றிய தீர்ப்பை அல்லாஹ்விடம் ஒத்திவைப்போம் என்ற முர்ஜிஆக்களும் இந்தக் கேள்விக்கு எதிர்வினையாகவே தோன்றினர்.

இபாளிகளைக் குறித்துத் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓமானிலும், அல்ஜீரியாவின் ம்ஸாப் பள்ளத்தாக்கிலும், துனீசியாவின் ஜெர்பா தீவிலும் இன்றும் வாழும் அவர்கள், கவாரிஜ் என்ற பெயரைத் தமக்கு ஏற்பதில்லை. நாஃபிஉவின் வழியை வெளிப்படையாக மறுத்தவர்களின் வாரிசுகளை அதே பெயரின் கீழ் வைத்து ‘இன்றும் எஞ்சியிருக்கும் பிரிவு’ என்று எழுதுவது பிழை. வேலைக்காக ஓமான் செல்லும் தமிழ் முஸ்லிம்கள் அவர்கள் பள்ளிவாசல்களில் அவர்களோடு நின்று தொழுகிறார்கள்.

அடுத்த பதிப்பைத் தொகுக்கும்போது, கொள்கை பற்றிய வரியைப் பாடத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்து ஹிஜ்ரி 64க்கு நகர்த்துங்கள். தொடக்கத்தில் கூஃபாவின் உதவித்தொகைப் பட்டியலையும் ஸிஃப்பீன் உடன்படிக்கையையும் வையுங்கள். நஹ்ரவானுக்கும் நாஃபிஉவுக்கும் நடுவே அபூ பிலாலுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். இந்த அறிவிப்புகளில் பெரும்பகுதி கூஃபாவைச் சேர்ந்த அபூ மிக்னஃப் வழியாகத் தபரிக்கு வந்தவை என்பதையும், அவர் அலீயின் பக்கம் சாய்ந்த சூழலில் எழுதியவர் என்பதையும் ஓர் அடிக்குறிப்பிலாவது மாணவர்களுக்குத் தெரிவியுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கள் பாடநூல்களைப் படித்து வளர்ந்த ஒரு வாசகர்