எதிரே உட்காரும் பதினான்கு சீட்டுகள்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. 'நாலு பேர் ஆடுற பலகை ஆட்டத்தை நீ மட்டும் தனியா உட்கார்ந்து எப்படிடா ஆடுறே, ரெண்டு பக்கமும் நீயேவா?' என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் செய்துகொண்டிருந்த சீட்டுக்கட்டு ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு விவரமாக எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது வந்துவிட்டது.

ரெண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன், சரிப்படவில்லை. எதிராளி அடுத்து பலகையில் எந்த இடத்தில் தன் ஆள் காயை வைக்கப்போகிறான் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு பயமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்காக யோசிக்க வேண்டியிருப்பதால், ஒரு மணி நேர ஆட்டம் இரண்டரை மணி நேரம் இழுத்தது. நாலாவது நாளே விட்டுவிட்டேன்.

என்னைத் திருப்பியது விட்டிகல்ச்சர் என்ற ஆட்டம். 2013இல் வந்தது. இத்தாலியின் டஸ்கனியில் திராட்சைத் தோட்டம் நடத்தும் கதை. அதைத் தனியாக ஆடுவதற்கு மோர்டென் மோன்ராட் பெடர்சன் என்பவர் ஒரு சீட்டுக்கட்டு செய்தார். அதற்கு 'ஆட்டோமா' என்று பெயர். தானாக இயங்கும் பொம்மைக்கு இத்தாலிய மொழியில் அப்படிச் சொல்வார்கள். அந்த எதிராளி திராட்சை நடுவதில்லை, ஒயின் காய்ச்சுவதில்லை, காசு எண்ணுவதில்லை. சீட்டைப் புரட்டினால் பலகையில் எந்தெந்த இடத்தில் அவனுடைய ஆள் நிற்க வேண்டும் என்று மட்டும் இருக்கும். அந்த இடங்கள் உனக்கு அடைபட்டுப்போகும். அவனுடைய மதிப்பெண் எப்போதும் 20. ஏழு ஆண்டுகளுக்குள் நீ அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை படித்தபோது இது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். ஆடிப் பார்த்த பிறகுதான் அதன் நுட்பம் பிடிபட்டது. நீ என் எதிரே உட்கார்ந்து ஆடும்போது உன் கையில் எத்தனை மரம், எத்தனை கல் இருக்கிறது என்று நான் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. நான் கவனிப்பதெல்லாம் நீ எந்த இடத்தை அடைத்தாய், எந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போனாய், ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாய், கடைசியில் எத்தனை புள்ளி எடுத்தாய் என்பவைதான். இந்த நான்கையும் ஒரு சீட்டுக்கட்டு செய்துகாட்டினால் போதும். உன் பக்கத்துக் கணக்குவழக்கு எதுவும் தேவையில்லை.

இதை வைத்துத்தான், கற்கால மனிதர்கள் மரமும் கல்லும் சேர்த்துக் கட்டடம் கட்டும் நம்முடைய ஸ்டோன் ஏஜ் ஆட்டத்துக்கு நானே ஒரு கட்டு செய்ய உட்கார்ந்தேன். அதன் பெட்டியில் 2 முதல் 4 பேர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் இருவர் ஆடும்போது உள்ள விதிகள் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்திருக்கின்றன. காடு, களிமண் குழி, கல்குவாரி, தங்க ஆறு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றில் ஒருவர்தான் இறங்கலாம். குடிசை, வயல், கருவி செய்யுமிடம் ஆகிய மூன்றில் இரண்டு நிரம்பினால் மூன்றாவது மூடிவிடும். அதாவது எதிராளி இவற்றில் ஓர் ஆளை வைத்தாலே எனக்கு எங்கேயாவது வலிக்கும்.

நாம் ஆடிய ஆட்டங்களில் யார் எங்கே ஆள் வைத்தோம் என்று நான் குறித்து வைத்திருந்த நோட்டு நினைவிருக்கிறதா? அதிலிருந்து உன் பக்கத்தை மட்டும் எண்ணினேன். ஒரு சுற்றுக்கு நீ சராசரியாக நாலு இடத்தில் ஆள் வைத்திருக்கிறாய். அதனால் சீட்டும் சுற்றுக்கு நாலு முறை புரளும். மொத்தம் 14 சீட்டு. நாலில் முதல் வரி குடிசை முதலான கிராமத்து இடம், நாலில் காடு முதலான பொருள் இடம், மூன்றில் பலகையில் பொருள் கொடுத்து வாங்கும் நாகரிகச் சீட்டு, இரண்டில் கட்டடம், ஒன்றில் வேட்டை. வேட்டைக்குப் போனால் எனக்கு எந்தத் தடையும் இல்லை; அது ஒரு மூச்சு விடும் இடைவெளி. ஆட்டம் சுமார் பத்துச் சுற்று போகும் என்று வைத்துக்கொண்டால் 40 முறை புரட்டுவோம், அதில் சராசரியாக ஆறு தடவை கட்டடம் வரும். நோட்டில் உன் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

பதினான்கு என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. மூன்று சுற்றில் 12 சீட்டு போகும், இரண்டு புரளாமலே இருக்கும், அப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்துவிடுவேன். முதலில் 12 சீட்டு வைத்துத்தான் ஆடினேன். மூன்றாவது சுற்றில் மிச்சமிருப்பது என்ன என்று விரல்விட்டு எண்ணிவிட முடிந்தது. கடைசிப் புரட்டலில் எதிராளி என்ன செய்வான் என்பது உறுதியாகத் தெரிந்துபோனது. அந்த இரண்டு சீட்டுதான் இப்போது சந்தேகத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி எழுதியிருக்கிறேன். முதல் இடம் அடைபட்டிருந்தால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் கட்டுக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நாலாவது சுற்று, அப்போதுதான் கலைத்த கட்டு. முதல் ஆள் வைப்பது நான். இடப்பக்கக் கட்டட அடுக்கின் மேலே மரம், களிமண், கல் என்று மூன்றும் கேட்கும் கட்டடம், 12 புள்ளி. மரமும் களிமண்ணும் கையில் இருந்தன, கல் மட்டும் இல்லை. குவாரிக்கு இரண்டு பேரை அனுப்பினால் இரண்டு பகடை கிடைக்கும், கூட்டுத்தொகை குறைந்தது 5 வந்தால் ஒரு கல். 36இல் 30 வாய்ப்பு, கிட்டத்தட்ட உறுதி. ஆனால் கருவி செய்யுமிடம் காலியாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு முதல் ஆளை அங்கே வைத்தேன். அடுத்தது குவாரி, அதற்கடுத்தது கட்டடம் என்று திட்டம். இடப்பக்கக் கட்டடம் முதல் வரியில் இருப்பது ஒரே ஒரு சீட்டு, 14இல் 1 என்பதால் தைரியம்.

சீட்டைப் புரட்டினேன். முதல் வரி: கருவி செய்யுமிடம். அங்கே என் ஆள் நிற்கிறான். இரண்டாவது வரி: இடப்பக்கக் கட்டடம்.

ரகு, நீ எதிரே இருந்து சிரித்ததுபோலவே இருந்தது. அவன் விரும்பியதை நான் எடுத்ததால், நான் விரும்பியதை அவன் எடுத்துக்கொண்டான். சீட்டுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை செய்த காரியம் அவனைத் திருப்பிவிட்டது என்பது உண்மைதானே. ஒரே வரி மட்டும் இருந்து, அடைபட்டால் 'சும்மா போ' என்று எழுதியிருந்தால் இது நடந்தே இருக்காது. அப்போது இடத்தை அடைப்பது எப்போதுமே எனக்கு லாபமாகிவிடும்.

தப்புகளையும் சொல்லிவிடுகிறேன், நீ செய்யும்போது உதவும். முதல் சுற்றிலேயே அவன் கட்டடம் வாங்கினான். கையில் எந்தப் பொருளும் இல்லாத நேரத்தில் எந்த மனிதனும் அதைச் செய்யமாட்டான். அதனால் முதல் மூன்று சுற்றுக்கு அந்த இரண்டு கட்டடச் சீட்டையும் எடுத்துவிட்டு, குடிசை என்று எழுதிய இரண்டு சீட்டைப் போடுகிறேன். நீ எப்போதும் குடிசைக்குத்தானே முதலில் ஓடுவாய்! நாலாவது சுற்றுக்குக் கலைக்கும்போது பழையபடி மாற்றிவிடுவேன். நாகரிகச் சீட்டில் வேறொரு சிக்கல். அவன் எப்போதும் வலது கோடியில் இருக்கும் மலிவான சீட்டையே எடுத்தான். நாலு பொருள் விலையுள்ள சீட்டு பத்திரமாக இருக்கும் என்று தெரிந்து, அது நகர்ந்து விலை குறையும்வரை நான் நிம்மதியாகக் காத்திருந்தேன். இப்போது மூன்றில் ஒரு சீட்டில் 'இடது கோடி' என்று மாற்றியிருக்கிறேன். அந்த நிம்மதி போய்விட்டது.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. சீட்டில் வெறுமனே 'பொருள் இடம்' என்று எழுதி வைத்திருந்தேன். எந்த இடம் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து ஆட்டம் கழித்து நோட்டைப் பார்த்தால், எனக்குத் தேவைப்பட்ட இடத்தை நான் அவனுக்கு ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் கை அப்படித்தான் போயிருக்கிறது. அன்றைக்கே எல்லாச் சீட்டிலும் இடத்தின் பெயரை எழுதிவிட்டேன். நான் ஆளை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் சீட்டைத் தொடுவது என்பதும் இப்போது விதி.

புள்ளிக் கணக்குக்கு, பறவைச் சீட்டுகள் சேர்க்கும் விங்ஸ்பான் ஆட்டத்தின் ஆட்டோமாவிடம் கற்றேன். அங்கே எதிராளி கவிழ்த்துக் குவித்த பறவைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 3, 4 அல்லது 5 புள்ளி. அதுதான் எளிது, நடுத்தரம், கடினம். நானும் அப்படியே செய்தேன். அவன் எடுத்த கட்டடத்துக்கு அதில் அச்சிட்ட புள்ளி (எண் இல்லாத கட்டடம் என்றால் 12), நாகரிகச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10. பத்து ஆட்டத்தில் ஒன்பது நான் ஜெயித்தேன். அந்த 10ஐ 13 ஆக்கினேன். ஒரு ஆட்டத்தில் அவனிடம் எட்டு ஒன்பது சீட்டு சேரும், ஆக இருபத்தைந்து புள்ளி கூடுகிறது. அடுத்த பத்தில் ஆறு ஜெயித்தேன், நாலு தோற்றேன். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இவனால் முடியாததும் உண்டு. நான் கருவிகளாகக் குவித்து, கருவிக்குப் புள்ளி தரும் நாகரிகச் சீட்டுக்காகக் காத்திருந்தால், நீ அதை மோப்பம் பிடித்து எனக்கு முன் எடுத்துவிடுவாய். இவனுக்கு அது தெரியாது. அந்த வழியில் நான் ஜெயித்தால் நோட்டில் நட்சத்திரம் போட்டுத் தனியாக எழுதுகிறேன், அதை வெற்றியாக எண்ணுவதில்லை. கட்டான்போல ஒருவரோடொருவர் பேரம் பேசும் ஆட்டத்துக்கு இந்த வழியே சரிவராது. மறுக்கவும் கெஞ்சவும் ஆள் இல்லாத பேரத்தைச் சீட்டால் எப்படிச் செய்ய முடியும்? அதை நீ வரும்போது ஆட எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். என் கட்டு உன் பழைய ஆட்டத்தை வைத்துச் செய்தது. ஐந்து வருடத்தில் நீ மாறியிருப்பாய். அங்கே யாரோடாவது ஸ்டோன் ஏஜ் ஆடினால், எந்தச் சுற்றில் எங்கே ஆள் வைத்தாய் என்று மூன்று ஆட்டத்துக்குக் குறித்து அனுப்பு. புள்ளி வேண்டாம், யார் ஜெயித்தது என்பதும் வேண்டாம், இடங்களின் வரிசை போதும். குடிசைக்கு இன்னும் ஓடுகிறாயா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்