‘அப்பம்’ ஏன் பூட்டப்படவில்லை: ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

சென்ற வாரம் கணித ஆசிரியை கொடுத்தனுப்பிய, சொல்லை எண்களாக்கிப் பிறர் படிக்க முடியாதபடி ‘பூட்டி’ அனுப்பும் ‘ரகசியக் கடிதம்’ பயிற்சித்தாள், நம் புலனக் குழுவில் இரண்டு நாள் பேச்சாக இருந்ததைப் பார்த்தேன். ஓர் அம்மா விடை தவறு என்றார். ஓர் அப்பா, தம் மகன் பூட்டி அனுப்பிய சொல் பூட்டாமலே வந்து சேர்ந்தது, ஆசிரியை கணக்கைச் சரிபார்த்தாரா என்று கேட்டிருந்தார். இரண்டுமே நல்ல கேள்விகள். குழுவில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட, நானே உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தமிழில் உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, ஆக 31 எழுத்து. அ முதல் ஔ வரை 1 முதல் 12. ஃ 13. க் முதல் ன் வரை 14 முதல் 31. ‘கடல்’ என்பதை க், அ, ட், அ, ல் என்று பிரித்தால் 14, 1, 18, 1, 26 ஆகிறது. ஆசிரியை 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்கி 33 என்று வைத்ததற்குக் காரணமும் இதுதான். எதையும் 33ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 32க்குள் அடங்கும். நம் 31 எழுத்துகளும் அதில் உட்கார்ந்துவிடும்.

வகுப்பில் சுவரில் ஒட்டியிருப்பது 33, 3 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. அதுதான் பொதுச் சாவி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூட்ட விரும்புகிறவர் தம் எழுத்தின் எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, 33ஆல் வகுத்து, மீதியை அனுப்ப வேண்டும். திறக்க 7 தேவை: வந்த எண்ணை அதேபோல் ஏழு முறை பெருக்கி, 33ஆல் வகுத்து, மீதியை எடுக்க வேண்டும். அந்த 7 கடிதத்தைப் பெறும் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. 7 எங்கிருந்து வந்தது? பகா எண் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 2 × 10 = 20. மூன்றோடு எதைப் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று தேடினால் 7 கிடைக்கும், 21 என்பது 20ஐவிட ஒன்று கூடுதல் அல்லவா.

‘க்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் பூட்டித் திறந்து பார்ப்போம்.

```
14 × 14 = 196   →  33ஆல் வகுத்தால் மீதி 31
31 × 14 = 434   →  மீதி 5      (பூட்டியாயிற்று)

5 × 5   = 25    →  25           (5^2)
25 × 25 = 625   →  மீதி 31     (5^4)
31 × 25 = 775   →  மீதி 16     (5^6)
16 × 5  = 80    →  மீதி 14     (5^7, மீண்டும் க்)
```

முழுச் சொல்லையும் இப்படியே செய்தால் ‘கடல்’ 5, 1, 24, 1, 20 என்று போகும். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த தாளில் இருந்தவை இவைதாம்.

இனி அந்த அம்மாவின் விடைக்கு வருகிறேன். அவர் கைப்பேசிக் கால்குலேட்டரில் ஐந்தை ஏழு முறை பெருக்கி 78125 என்று சரியாகவே கண்டுபிடித்தார். அதை 33ஆல் வகுத்தபோது திரையில் 2367.4242 என்று வந்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்த 42ஐ மீதி என்று எழுதிவிட்டார். (நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆசிரியையிடம் சொல்லிவிடாதீர்கள்.) 33ஆல் வகுத்து 42 மீதி வர வழியே இல்லை. மீதி 32ஐத் தாண்டினால் எங்கோ பிசகிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். சரியான வழி, புள்ளிக்கு முன்னால் உள்ள 2367ஐ 33ஆல் பெருக்கி, வரும் 78111ஐ 78125இலிருந்து கழிப்பது. மீதி 14. ஒவ்வொரு படியிலும் மீதியை எடுத்துக்கொண்டே போகச் சொல்வது இதனால்தான். பூட்டி வந்த எண் 31 என்றால், அதை ஏழு முறை மொத்தமாகப் பெருக்கினால் பதினோர் இலக்கம் வரும், சிறிய கால்குலேட்டர் தாங்காது. மேலே காட்டிய முறையில் மூன்று இலக்கத்தைத் தாண்டவே வேண்டாம்.

அந்த அப்பாவின் புகார்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் மகன் பூட்ட எடுத்த சொல் ‘அப்பம்’. பினாங்குப் பிள்ளை வேறென்ன எடுப்பான்! அ, ப், ப், அ, ம் என்பது 1, 22, 22, 1, 23. மூன்று முறை பெருக்கி வகுத்தபோது வந்ததும் 1, 22, 22, 1, 23. கணக்கில் தவறே இல்லை. சொல்தான் பூட்டில் மாட்டவில்லை. ‘ஓம்’ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

காரணம் எளிது. ஓர் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி வருவதிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வருவது, அதற்கு முந்திய எண், அந்த எண், அடுத்த எண் ஆகிய மூன்றின் பெருக்கம். 23க்கு அது 22 × 23 × 24. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று கட்டாயம் 3ஆல் வகுபடும். அவற்றில் ஒன்று 11ஆலும் வகுபட்டால் முழுப் பெருக்கமும் 33ஆல் வகுபட்டு, பூட்டியதும் பூட்டாததும் ஒன்றாகிவிடும். 22இன் இரு பக்கமும் இருப்பதால் ந், ப், ம் மூன்றும் மாட்டிக்கொண்டன. 11இன் பக்கத்தில் ஒ, ஓ, ஔ. அ எப்போதும் 1தான். எழுத்து இல்லாத 0, 32 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது.

இரண்டு பகா எண்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், மூன்று முறை பெருக்கும் பூட்டில் மாறாமல் நிற்பவை ஒன்பது எண்கள்தான். 33இல் ஒன்பது என்பது பெரிய ஓட்டை. கணினிகளில் இதே முறைக்கு இன்று வழக்கில் உள்ள 617 இலக்க எண்ணில் அந்த ஒன்பதில் ஒன்று தற்செயலாக அகப்படாது.

ஆனால் இந்தச் சின்னப் பூட்டின் பெரிய பலவீனம் வேறு. 33ஐ 3, 11 என்று எந்தப் பிள்ளையும் பிரித்துவிடும், பிரித்தால் 7 தானாக வரும். பெரிய எண்ணைப் பிரிப்பதுதான் கடினம். 2020இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள், அதற்கே ஏராளமான கணினிகள் தேவைப்பட்டன. இன்னொன்று, சுவரில் உள்ள எண்களை வைத்தே 31 எழுத்துக்கும் அட்டவணை போட்டுவிட்டால் 7 இல்லாமலே கடிதத்தைப் படிக்கலாம். இரண்டு பிள்ளைகள் அதைச் செய்து மாட்டிக்கொண்டார்கள், நான் திட்டவில்லை. உண்மையான பயன்பாட்டில் எழுத்தெழுத்தாகப் பூட்ட மாட்டார்கள். பூட்டும் முன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தற்செயல் எண்களைக் கலந்துவிடுவார்கள், அதனால் அட்டவணை பயன்படாது.

வரும் வெள்ளிக்கிழமை புதிய தாள் வரும். பகா எண்கள் 5, 17. பொதுச் சாவி 85, 3. இதில் மாறாத எழுத்துகள் அ, ச் இரண்டே. ‘அப்பம்’ இம்முறை 1, 23, 23, 1, 12 என்று போகும். திறக்கும் எண் 43, மடித்த தாளில் உங்கள் பெயருக்கு வரும். பிள்ளை அனுப்பும் சொல்லைத் திறந்து, விடையைத் தாளின் பின்பக்கம் எழுதித் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு